‘பாரிய சிக்கல் எதுவும் இல்லை’ என்று எழுதலாமா?

கேள்வி: “ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் திட்ட உத்தியோகத்தராக இருக்கிறேன். அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறுகிறேன். பொறுப்பு ஒப்படைக்கும் மின்னஞ்சலில் நடப்பு வேலைகள், தொடர்பு எண்கள், கோவைகள் இருக்கும் இடம் எல்லாம் எழுதிவிட்டேன். இடர்கள் என்ற பகுதியில் ‘பாரிய சிக்கல் எதுவும் இல்லை’ என்று போட்டிருக்கிறேன். போதுமா?”

பிள்ளை, உங்கள் கேள்வியை வாசித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ஏனென்றால் இதே வசனத்தை நம்பி ஒருமுறை நான் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கு முன் அங்கே இருந்தவர் நேர்மையான மனிதர். அவர் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை.

தீவகத்தில் இரண்டு வகுப்பறை கட்டும் வேலை அது. ஒப்பந்தத் தொகை 80 இலட்சம் ரூபாய். ஒப்பந்தகாரர் வேலையை இடையில் கைவிட்டால் ஈடு செய்வதற்காக 4 இலட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தார். வேலை நவம்பர் 30 இல் முடிய வேண்டும், உத்தரவாதம் டிசம்பர் 28 வரை செல்லும். ஒக்டோபரில் மாரி மழை தொடங்கியது. அத்திவாரக் குழிகளில் தண்ணீர் நின்றது. ஜனவரி 31 வரை கால நீடிப்புக் கொடுத்தார்கள். மின்னஞ்சலில் ‘40 வீத வேலை முடிந்தது, கால நீடிப்பு வழங்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. இரண்டும் உண்மை.

வேலைக்குத்தான் நீடிப்புக் கொடுத்தார்களே தவிர, உத்தரவாதத்தை யாரும் நீடிக்கவில்லை. ஜனவரி நடுப்பகுதியில் ஒப்பந்தகாரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்தவர் திகதியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். எழுத்து மூலமான கோரிக்கை அந்தத் திகதிக்கு முன் வங்கியின் கைக்கு வந்திருக்க வேண்டும். வராததால், என் கையில் இருந்தது வெறும் காகிதம்.

இடர் என்பது கெட்ட செய்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, கெட்ட செய்தி இல்லாததால் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். நான் சொல்வது இதுதான்: நீங்கள் போன பிறகு, யாரும் ஒன்றும் செய்யாமலே தானாகக் காலாவதியாகும் எதுவும் இடர்தான். உத்தரவாதம், காப்புறுதி, வாடகை உடன்படிக்கை, வாகன வரி அனுமதிப்பத்திரம் எல்லாம் அந்த இனம். நாட்காட்டியை எடுத்து வரும் மூன்று மாதங்களையும் ஒவ்வொரு கிழமையாகப் பாருங்கள். இடர்ப் பகுதி தானாக நிரம்பும்.

எழுதும்போது இப்படி எழுதுங்கள்: ‘வகுப்பறை வேலையின் வங்கி உத்தரவாதம் டிசம்பர் 28 உடன் முடிகிறது. வேலைக்கு ஜனவரி 31 வரை நீடிப்பு உண்டு. உத்தரவாதத்தைப் பெப்ரவரி 28 வரை நீடித்துத் தரும்படி ஒக்டோபர் 20 இல் ஒப்பந்தகாரருக்குக் கடிதம் அனுப்பினேன், பதில் வரவில்லை. டிசம்பர் 14 வரை வராவிட்டால், நீடிக்க வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும் என்று வங்கிக்குக் கடிதம் போக வேண்டும். கையெழுத்திடுபவர் பணிப்பாளர். மூலப் பத்திரம் கணக்காளரின் இரும்புப் பெட்டியில்.’ என் கையில் அன்று இந்த ஆறு வரி இருந்திருந்தால் அந்த 4 இலட்சம் தப்பியிருக்கும்.

தொடர்பு எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அவரிடம் எதைக் கேட்கலாம் என்று நான்கு சொல் எழுதினால் போதும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: கோவைகளின் இணைப்பு உங்கள் கணக்கு மூடிய பிறகும் திறக்குமா? கூகுள் டிரைவில் உங்கள் ‘My Drive’ பகுதியில் இருக்கும் கோவைக்கு நீங்கள்தான் உரிமையாளர். இணைப்பைப் பகிர்ந்தால் மற்றவர் பார்க்கலாம், அவ்வளவுதான், உரிமை மாறாது. உரிமையை மாற்றாமல் அலுவலகம் உங்கள் கணக்கை நீக்கினால் கோவையும் சேர்ந்து போகும். ‘Shared drives’ பகுதிக்கு நகர்த்தினால் அது நிறுவனத்தின் உடைமையாகிவிடும், யார் போனாலும் நிற்கும். உங்கள் கணினியில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, உங்களுக்கு எல்லாம் திறக்கும். புதிதாக வருபவரைத் தம் கணினியில் ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லி, பக்கத்தில் இருந்து பாருங்கள். ‘You need access’ என்று வந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்யலாம்.

அதற்கு அவர் வரும் நாளும் நீங்கள் போகும் நாளும் கொஞ்சமாவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். மூன்று நாட்களாவது கேட்டு வாங்குங்கள். முதல் நாளே வங்கிப் பத்திரத்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுப்பித்து, திகதியை அவரே வாய்விட்டு வாசிக்கட்டும்.