முதல் மருந்துக்கு முன் 16 நாட்கள்

வணக்கம். கருமுட்டை, விந்தணு, கரு ஆகியவற்றை உறைய வைத்துக் காப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் ஆய்வகத்துக்கு ஓடி வருபவர்கள் உண்டு. சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு, "அப்போதே யாராவது சொல்லியிருந்தால்" என்று கேட்டபடி வருபவர்களும் உண்டு. எனவே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவிலும் சொல்வேன். கீமோதெரபி மருந்துகள் முட்டைகளையும் விந்தணுக்களையும் சேதப்படுத்தலாம். அதனால் உறைய வைப்பது பற்றிக் கேட்க வேண்டியதைக் கீமோதெரபியின் முதல் மருந்து ஏறுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். வயது 29, மணமாகாதவர், மார்பகப் புற்றுநோய். கீமோ தொடங்க 16 நாட்கள் இருந்தன. எங்களிடம் வருவதற்கு முன் முட்டைகளை உறைய வைப்பது பற்றி வேறோர் இடத்தில் விசாரித்திருக்கிறார். "அடுத்த மாதவிடாயின் இரண்டாம் நாள் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு மாதவிடாய் வந்து 17 நாட்கள்தான் ஆகியிருந்தது. அடுத்தது வரப் பத்துப் பன்னிரண்டு நாள், அதற்கப்புறம் முட்டைகளை வளர்க்கும் ஊசிகளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். கூட்டிப் பார்த்தவர், "சரி, நமக்கு இது இல்லை" என்று விட்டுவிட்டார். வார்டில் இருந்த செவிலியர் ஒருவர்தான் மனம் கேட்காமல் எங்களுக்குப் போன் செய்தார்.

மாதவிடாய்க்குக் காத்திரு என்பது பழைய வழக்கம். சினைப்பையில் முட்டைகள் மாதத்துக்கு ஒரே ஒருமுறைதான் வளரத் தொடங்குகின்றன என்று அப்போது நினைத்தார்கள். உண்மையில் அவை அலை அலையாகக் கிளம்புகின்றன. ஒரே மாதத்தில் இரண்டு அலை, சிலருக்கு மூன்று அலைகூட வரும். அதனால் மாதத்தின் எந்த நாளில் ஊசியைத் தொடங்கினாலும் வளர்வதற்கு முட்டைகள் இருக்கும். கிடைக்கும் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதேதான். அந்தப் பெண்ணுக்கு வந்த அன்று மாலையே முதல் ஊசி போட்டோம்.

இங்கே எல்லாருக்கும் ஒரு பயம் வரும், நியாயமான பயம். அவருடைய கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை. முட்டைகள் நிறைய வளர்ந்தால் அந்த ஹார்மோனும் ஏறுமே? ஏறும். அதை அடக்கத்தான் கூடவே தினமும் லெட்ரோசோல் மாத்திரை. மார்பகப் புற்றுநோய்க்கே கொடுக்கப்படும் மருந்துதான் அது. உடம்பு ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பதைத் தடுக்கும், ஆனால் முட்டைகள் வளர்வதைத் தடுக்காது. இதையெல்லாம் அவருடைய புற்றுநோய் மருத்துவரோடு பேசி, அவர் சம்மதித்த பிறகுதான் செய்தோம்.

11 நாட்கள் ஊசி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். 11ஆம் நாள் இரவு, முட்டைகளை முதிரச் செய்யும் கடைசி ஊசி. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சிலருக்குச் சினைப்பைகளை வீங்க வைத்து, வயிற்றில் நீர் கோர்த்துக் கீமோவையே தள்ளிப்போட வைத்துவிடும். அந்த ஆபத்து மிகக் குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்தோம். 36 மணி நேரம் கழித்து, லேசான மயக்கத்தில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுத்தார்கள். 12 கிடைத்தன. அவற்றில் 9 முதிர்ந்தவை. முதிர்ந்த முட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன மணி ஒட்டிக்கொண்டிருப்பது மைக்ரோஸ்கோப்பில் தெரியும். அதைப் பார்த்துத்தான் எண்ணுவோம். அது 13ஆம் நாள் காலை. குறித்த நாளில், ஒரு நாள்கூடத் தள்ளாமல், கீமோ தொடங்கியது.

உறைய வைப்பது பற்றிப் பேசும்போது எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1940களின் பிற்பகுதி, இங்கிலாந்து. போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சேவலின் விந்தணுவை உறைய வைத்து மீட்கப் பார்க்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியானால் அதன் கூர்முனைகள் செல்லைக் கிழித்துவிடும், சிக்கல் அதுதான். ஒரு சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தார்கள், பலனில்லை. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சில மாதம் கழித்து அதே புட்டியை எடுத்துச் செய்தால், உருக்கியதும் விந்தணுக்கள் நீந்துகின்றன! சர்க்கரைக் கரைசலைப் புதிதாகத் தயாரித்துச் செய்தார்கள், மறுபடி ஒன்றுமில்லை. புட்டியின் அடியில் மிச்சமிருந்த சொட்டை வேதியியலாளரிடம் கொடுத்தார்கள். அதில் சர்க்கரையே இல்லை, இருந்தது கிளிசரினும் கொஞ்சம் புரதமும். ஆய்வகத்தில் வேறு வேலைக்கு வைத்திருந்த கரைசல் அது, லேபிள் மாறியிருந்தது. 1949இல் அதை வெளியிட்டார்கள். 1953இல் உறைந்த மனித விந்தணுவால் பெண்கள் கருவுற்ற செய்தி வந்துவிட்டது. இன்றும் விந்தணுவைக் காப்பது அதே கிளிசரின்தான்.

ஆனால் முட்டை அவ்வளவு லேசில் மசியவில்லை. உடம்பிலேயே பெரிய செல் அது, உள்ளே தண்ணீர் அதிகம். மெதுவாகக் குளிர்வித்தால் பனி கட்டிக்கொள்ளும். அதனால் இப்போது தண்ணீருக்குப் பனியாக நேரமே கொடுப்பதில்லை. காப்புக் கரைசலில் முட்டையைப் போட்டதும் அது சுருங்கும், அப்புறம் மெல்ல உப்பும். பிறகு இன்னும் அடர்ந்த கரைசல், அதில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதற்கும் மேல் வைத்தால் கரைசலே நஞ்சு. மெல்லிய பட்டை ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத அளவு சொட்டோடு முட்டையை வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் ஒரே முக்கு. நொடியில் கண்ணாடி போலாகிவிடும். அதற்கப்புறம் அந்த முட்டைக்கு வயதே ஏறாது.

நான்கு வருடம் கழித்து, மணமாகி, மருத்துவர் அனுமதித்த பிறகு அவர் வந்தார். 9 முட்டைகளை உருக்கினோம். 8 பிழைத்தன. 6 கருவுற்றன. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை 2 கருக்கள். முதலாவது தங்கவில்லை, இரண்டாவது தங்கியது. ஒவ்வொரு படியிலும் குறையும் என்பதற்காகத்தான் எண்ணிக்கையைச் சொல்கிறேன். உறைய வைத்த முட்டை ஒரு வாய்ப்பு, குழந்தைக்கான உத்தரவாதம் அல்ல.

முட்டையாகவா, கருவாகவா என்று தம்பதிகள் கேட்பார்கள். கரு இருவருக்கும் சொந்தம். நாளை பிரிந்தால் ஒருவர் மறுத்தாலே அதைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். பாதியை முட்டையாகவே வையுங்கள் என்பது என் யோசனை. இன்னொன்று, கீமோவின்போது சினைப்பையை உறங்க வைக்க மாதம் ஒரு ஊசி போடுவார்கள். அது கூடுதல் காப்புதான், உறைய வைப்பதற்குப் பதில் ஆகாது. கீமோவுக்குப் பிறகு மாதவிடாய் திரும்பிவிட்டதே என்று இருந்துவிடவும் வேண்டாம். மாதவிடாய் வந்தாலும் முட்டைகளின் கையிருப்பு பாதியாகக் கரைந்திருக்கலாம்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆண்களைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு ஊசியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஒரே நாள் வேலை, முடிந்தால் இரண்டு நாள் விட்டு இன்னொரு மாதிரி. நோயினாலேயே எண்ணிக்கை குறைந்திருந்தாலும் கொடுங்கள். ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் முறை இருக்கிறது, எண்ணிக் கொஞ்சம் இருந்தாலே போதும். பதின்ம வயதுப் பையன்களின் பெற்றோரே, கூச்சத்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் டோஸ் ஏறிய பிறகு வரும் விந்தணுவில் மரபுப்பொருள் சேதமாகியிருக்கலாம். அதனால் இதுவும் முதல் மருந்துக்கு முன்னால்தான். வணக்கம்.