40 ஆபரேஷனில் ஒரு சீழ்

வணக்கம். இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள். அந்த அளவுக்கே பேசுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தர டாஷ்போர்டில் 22 குறியீடுகள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பார்க்க ஜோராக இருக்கும். மாதம் 40 ஆபரேஷன் நடக்கும். பிப்ரவரியில் ஒருவருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது, 2.5 சதவீதம், மஞ்சள். மார்ச்சில் இரண்டு பேருக்கு; 5 சதவீதம், சிவப்பு. தியேட்டர் சிஸ்டரைக் கூப்பிட்டு வாட்டி எடுத்தார்கள். ஏப்ரலில் பூஜ்யம். திட்டியதில் பலன் கிடைத்தது என்று மீட்டிங்கில் எல்லோருக்கும் திருப்தி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொற்று விகிதம் வருடம் முழுக்க 2.5 சதவீதத்திலேயே நின்றாலும், 40 ஆபரேஷனுக்கு மூன்றில் ஒரு மாதம் போலப் பூஜ்யம் வரும். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வரும். யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை, தானாக வரும். மாதச் சதவீதம் நமக்கு உதவாது. கடைசித் தொற்றுக்குப் பிறகு எத்தனை ஆபரேஷன் கடந்தது என்று எண்ணுங்கள். 40, 35, 50 என்று போன இடைவெளி தொடர்ந்து 10, 12 என்று சுருங்கினால் அப்போது தேடலாம்.

முப்பதாம் நாள் நோயாளிக்கு ஒரு போன் போடுங்கள். பல புண்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் சீழ் பிடிக்கின்றன. போன் போட ஆரம்பித்ததும் எண்ணிக்கை ஏறும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அதைவிட நல்ல அளவு ஒன்று உண்டு. கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் ஊசி போட்டாயிற்றா? தொற்று மாதம் ஒன்றோ இரண்டோதான். இந்த ஊசி தேவைப்படும் ஒவ்வொரு ஆபரேஷனும் இங்கே எண்ணிக்கையில் வரும். பதிவேட்டில் இரண்டே கட்டம்: ஊசி நேரம், கத்தி நேரம். நாங்கள் பார்த்தபோது எல்லாமே 8.00, 8.30, 10.00, 10.30. இடைவெளி அச்சடித்தாற்போல அரை மணி! சாயந்தரம் உட்கார்ந்து எழுதியது என்று சொல்லவும் வேண்டுமா? நிஜத்தில் ஊசியை வார்டிலேயே போட்டு அனுப்பினார்கள். முந்தைய கேஸ் இழுத்தால் நோயாளி வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தார்.

மூன்றாவதாக, மருந்துத் தவறுகள். இதில் மாதாமாதம் பூஜ்யம் வந்தால் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஊசி விஷயத்துக்கு என்ன செய்தோம் என்கிறீர்களா? வார்டில் போடுவதை நிறுத்தி, மயக்க மருந்து டாக்டர் தியேட்டரிலேயே போட ஏற்பாடு செய்தோம். இரண்டு நேரத்தையும் ஒரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அப்போதே எழுதச் சொன்னோம். அதுவரை வார்டுக் கடிகாரம் 12 நிமிடம் பின்தங்கி ஓடியது யாருக்கும் தெரியாது.