கடைக்காரரைக் கேமரா முன் பேசவைப்பது

கேள்வி: "அண்ணா, பாத்திரக்கடைக்காரர் ஒருவருக்கு வீடியோ எடுக்கிறேன். கடையில் நன்றாகப் பேசுகிறார், கேமரா வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுதிக் கொடுத்ததும் பாதியில் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?"

முதலில் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிவிடுங்கள். மனப்பாடம் செய்தவர் அடுத்த வார்த்தையைத் தேடுவார், கண் மேலே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரியும்.

மதுரையில் ஒரு பாத்திரக்கடையில் எனக்கும் இதேதான் நடந்தது. தினமும் "நம்ம கடை" என்று சொல்கிறவர், கேமராவைப் பார்த்ததும் "எங்கள் நிறுவனத்தில்" என்று ஆரம்பித்தார், குரலும் ஏறிவிட்டது. நிறுத்திவிட்டு, ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கையில் கொடுத்தேன். "புதுக் கல்லுல தோசை ஒட்டுதுன்னு ஒரு அம்மா வந்து நின்னா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். கையில் பொருள் இருந்ததால் கை நடுங்கவும் இல்லை.

அவர் சொன்னதிலிருந்தே நான்கு வார்த்தைகளை எடுத்தேன்: கஞ்சி, கழுவு, எண்ணெய், வெங்காயம். காலண்டர் தாளின் பின்பக்கம் மார்க்கரில் பெரிதாக எழுதி, லென்ஸுக்கு நேர் கீழே ஒட்டினேன். பக்கவாட்டில் ஒட்டினால் கண் அங்கே ஓடுவது தெரியும். போனில் எடுத்தால் பின்பக்கக் கேமராவையே வையுங்கள். செல்ஃபி கேமராவில் அவர் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வார்த்தைக்கு ஒரு டேக், பத்துப் பதினைந்து விநாடிதான். தாளில் வார்த்தையைப் பார்க்க வேண்டும், லென்ஸைப் பார்க்க வேண்டும், மூச்சு விட வேண்டும், அப்புறம் பேச வேண்டும். தடுமாறினால் அந்த வாக்கியத்தை மட்டும் முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். மூன்று டேக்குக்கு மேல் போனால் பேச்சு காய்ந்துவிடுகிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய், பிறகு திரும்பி வாருங்கள்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். நீங்கள் கேட்கும் கேள்வியை எடிட்டில் வெட்டிவிடுவீர்கள். அதனால் "ஆமா, ரெண்டு நாள் ஊறணும்" என்று சொன்னால் எது ஊற வேண்டும் என்று புரியாது. "புதுக் கல்லை ரெண்டு நாள் வடிகஞ்சியில ஊறவைக்கணும்" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் இரண்டு விநாடி அப்படியே நிற்கட்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் கடைசி எழுத்தோடு வெட்ட வேண்டியிருக்கும்.

விலையும் போன் நம்பரும் மட்டும் தாளில் முழுசாக இருக்கட்டும். அதை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி அவரைப் படுத்த வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் வெட்டிய வெங்காயத்தைக் கல்லில் தேய்க்கும் கையைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். டேக்கும் டேக்கும் சேரும் இடத்தில் அதைப் போட்டால் முகம் துள்ளுவது தெரியாது. "வணக்கம், நம்ம கடைக்கு வாங்க" என்பதையும் கடைசியில்தான் எடுத்தேன். அதற்குள் அவர், "தம்பி, இட்லிச் சட்டியைப் பத்தியும் ஒண்ணு பேசிடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.