பிந்துகிற நாளின் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டட வேலை கொந்தராத்து எடுத்துச் செய்பவர்களுக்கும் அவர்களுடைய கணக்கை எழுதுபவர்களுக்கும் ‘எல்.டி.’ புதிய சொல் அல்ல. குறித்த திகதிக்குள் வேலை முடியாவிட்டால், பிந்துகிற ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு ரூபா என்று ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதி வைத்த தாமத நட்டஈடுதான் அது. வேலை கொடுத்தவர் தனக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்று பிறகு இருந்து கணக்குப் பார்ப்பதில்லை. நாளை எண்ணிப் பெருக்கி, பில்லில் கழித்துக்கொள்வார்.

அப்படிக் கழிபட்ட மாதத்தில்தான் பலருடைய கணக்குப் புத்தகத்தில் எல்.டி. முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. கோளாறும் அங்கேதான். பணம் கழிபடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அந்த இலாபம் போய்விட்டிருக்கும். இடையில் வருகிற மார்ச் 31ஆம் திகதிக் கணக்கில் இல்லாத இலாபத்தைக் காட்டி, அதற்கு வரியும் கட்டி, சில வேளை பங்காளிகள் பிரித்தும் எடுத்துவிடுவார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் ஒன்று. ஒப்பந்தத் தொகை 6 கோடி ரூபா. யூலை முதலாம் திகதி தொடங்கி, 365 நாளில், அதாவது அடுத்த யூன் 30இல் முடிக்க வேண்டும். எல்.டி. ஒரு நாளுக்கு ஒப்பந்தத் தொகையின் 0.05 சதவீதம், மொத்தமாக 10 சதவீதத்துக்கு மேல் போகாது. இங்கு அடிக்கடி காண்கிற வீதம்தான் இது. ஆனால் உங்களுடைய ஒப்பந்தத்தில் வேறு எண் இருக்கலாம். மேலதிக வேலைகளைச் சேர்த்த தொகையில் கணக்கிடுவதா, ஆரம்பத் தொகையிலா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும். நம்முடைய உதாரணத்தில் ஒரு நாளுக்கு 30,000 ரூபா. உச்சத் தொகை 60 இலட்சம். 200 நாளில் அது நிரம்பிவிடும்.

இப்போது மார்ச் 31. 274 நாள் போய்விட்டது. இதுவரை செலவு 3 கோடி 30 இலட்சம். மிச்ச வேலைக்கு இன்னும் 2 கோடி 20 இலட்சம் வேண்டும் என்று மதிப்பீடு. ஆக மொத்தக் கிரயம் 5 கோடி 50 இலட்சம், இலாபம் 50 இலட்சம். செலவை வைத்துப் பார்த்தால் வேலையில் 60 சதவீதம் முடிந்திருக்கிறது. ஆகவே இந்த வருடத்துக்கு 30 இலட்சம் இலாபம் என்று கணக்காளர் எழுதுகிறார். கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. யூன் 30 இன்னும் வரவில்லை, ஒரு சதமும் கழிபடவில்லை. ஆகவே எல்.டி. என்ற பேச்சே எழவில்லை.

ஆனால் அதே எண்களைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 274 நாளில் 60 சதவீதம் என்றால், இதே வேகத்தில் முழு வேலைக்கும் ஏறத்தாழ 455 நாள் போகும். அதாவது 90 நாள் பிந்தும். இதுவும் தாராளமான கணிப்பு. ஏனென்றால் அத்திவாரமும் கொங்கிறீற்றும் பணத்தை வேகமாக விழுங்கும். பூச்சு, நிலம் போடுதல், மின்னிணைப்பு, வர்ணம் என்று வருகிற முடிப்பு வேலைகள் பணத்தைவிட நாளைத்தான் அதிகம் தின்னும். எனவே கணக்காளர் தன் மேசையில் இருந்தபடியே இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டு, பிறகு தளப் பொறியியலாளரிடம் ‘எப்போது முடியும்’ என்று கேட்க வேண்டும். முதலில் கேட்டால் ‘யூனில் முடிச்சிடலாம்’ என்ற பதில்தான் வரும்.

அந்த 90 நாள் முழுவதற்கும் எல்.டி. வராது. அதில் எத்தனை நாளுக்கு எழுத்தில் கால நீடிப்புக் கிடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம்முடைய உதாரணத்தில், வழமைக்கு மாறான வெள்ளத்துக்காக 30 நாள் நீடிப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 60 நாள். ஒரு நாள் 30,000 வீதம் 18 இலட்சம்.

மழையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகையில் இங்கு மழை பெய்யும் என்பது குழந்தைக்கும் தெரியும். அனுபவமுள்ள கொந்தராத்துக்காரர் அதற்கும் சேர்த்துத்தான் வேலை அட்டவணை போட்டிருப்பார் என்றே, வேலை கொடுத்தவரின் சார்பில் நீடிப்பைத் தீர்மானிக்கிற பொறியியலாளர் எடுத்துக்கொள்வார். ‘மழை பெய்தது’ என்ற கடிதத்துக்கு நீடிப்புக் கிடைக்காது. வழமையை மீறிப் பெய்தது என்று காட்ட வேண்டும். திருநெல்வேலி வளிமண்டலவியல் நிலையத்தின் மழைப்பதிவை முந்திய வருடங்களோடு ஒப்பிட்டு, அந்தந்த நாளில் எந்த வேலை நின்றது என்பதற்குத் தள நாட்குறிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வவுனியாப் பக்கத்திலிருந்து வரவேண்டிய கருங்கல் சல்லி வீதி மூடியதால் வரவில்லை என்றால், அந்த நாளையும் அன்றே எழுதியிருக்க வேண்டும். அறிவித்தல் கொடுக்கும் காலக்கெடுவும் முக்கியம். ஃபிடிக் என்ற சர்வதேசக் கட்டட ஒப்பந்த நிபந்தனைகளின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 28 நாள். அது தப்பினால் நியாயமான கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

கேட்டு இன்னும் கிடைக்காத நீடிப்பை என்ன செய்வது? 2018 தொடக்கம் நடைமுறையில் இருக்கிற எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 15 என்ற கணக்கீட்டு நியமம் இதற்கு நேரான பதில் தருகிறது. எல்.டி. போன்ற தண்டத் தொகைகளை, ஒப்பந்த விலையின் மாறக்கூடிய பகுதியாக எடுக்க வேண்டும். இன்று வருமானமாகக் காட்டுவதை நாளைக்குப் பெருமளவில் திருப்பி எடுக்க வேண்டி வராது என்பது மிக உறுதியாக இருந்தால் மட்டுமே அதைக் காட்டலாம். ‘பொறியியலாளர் நல்ல மனுசன், தருவார்’ என்பது அந்த உறுதி அல்ல.

ஆகவே ஒப்பந்த விலை 6 கோடி அல்ல. 5 கோடி 82 இலட்சம். இலாபம் 32 இலட்சம். அதில் 60 சதவீதம் 19 இலட்சத்து 20 ஆயிரம். முப்பது இலட்சத்தில் 10 இலட்சத்து 80 ஆயிரம் குறைந்துவிட்டது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்.டி.யை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும். தளச் செலவில் சேர்க்கக் கூடாது. செலவில் சேர்த்தால் ‘எத்தனை சதவீதம் முடிந்தது’ என்ற கணக்கு ஏறிவிடும். பிந்தியதற்குக் கட்டுகிற தண்டம், வேலை முன்னேறியதாகக் காட்டும்! கழிபட்டு வந்த தொகையை அப்படியே பில் வருமானமாக எழுதுவதும் இன்னொரு பழக்கம். அப்போது சான்றளித்த வேலையின் பெறுமதியே புத்தகத்தில் தெரியாமல் போய்விடும். வேலையின் முழுப் பெறுமதியையும் எழுதி, எல்.டி.யைத் தனிக் கணக்கில் கழித்துக் காட்டுவதே நல்லது. பிறகு நீடிப்புக் கிடைத்தால், எதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றும் அப்போதுதான் தெரியும்.

இன்னும் முடியவில்லை. பிந்துகிற நாளுக்கு இரண்டு விலை உண்டு. எல்.டி. ஒன்று. மற்றது, தளம் திறந்திருப்பதற்கான செலவு: மேற்பார்வையாளர் சம்பளம், காவலாளி, சாரமும் பலகையும் வாடகை, தண்ணீர், மின்சாரம், வங்கி உத்தரவாதத்தை நீடிக்கிற கட்டணம், மேலதிகக் கடனுக்கு வட்டி. இதை ஒரு நாளுக்கு 15,000 என்று வைப்போம். மிச்ச வேலைக்கு மதிப்பிட்ட அந்த 2 கோடி 20 இலட்சம், யூனில் முடியும் என்ற நினைப்பில் போட்டது. அதனால் இந்தச் செலவு அதில் இல்லை. இது 60 நாளுக்கு அல்ல, முழு 90 நாளுக்கும் வரும். காலநிலைக்குத் தருகிற நீடிப்பு பொதுவாக நாளைத்தான் தரும், காசைத் தராது. 13 இலட்சத்து 50 ஆயிரம் கூடுகிறது. மொத்தக் கிரயம் 5 கோடி 63 இலட்சத்து 50 ஆயிரம். இலாபம் 18 இலட்சத்து 50 ஆயிரம். மொத்தக் கிரயம் கூடியதால் முடிந்த வேலையின் சதவீதமும் 60இலிருந்து 58.6க்கு இறங்குகிறது. இந்த வருடத்துக்குக் காட்டக்கூடிய இலாபம் 10 இலட்சத்து 83 ஆயிரம் அளவில்தான். முதலில் எழுதியது 30 இலட்சம்.

பழைய பாடப்புத்தக முறைப்படி, முடியாத ஒப்பந்தத்தின் இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, அதையும் கிடைத்த பணத்தின் விகிதத்துக்குக் குறைத்துக் காட்டுபவர்கள், ‘நாங்கள் ஏற்கெனவே அவதானமாகத்தான் இருக்கிறோம்’ என்பார்கள். அந்த வெட்டு தெரியாத ஆபத்துகளுக்கு வைத்தது. தெரிந்த 18 இலட்சத்தை அது அடைக்காது. அதைத் தனியாகத்தான் கழிக்க வேண்டும்.

அந்த 90 நாள் செப்டெம்பர் கடைசியில் முடிகிறது என்பதையும் கவனியுங்கள். அதற்குப் பிறகு அடுத்த மாரி வந்துவிடும். கூரை மூடாமல் ஒக்டோபருக்குள் போனால் வேலை டிசெம்பர் கடைசிவரை இழுபடலாம். அப்போது பிந்துவது 180 நாள். 30 நாள் நீடிப்புப் போக 150 நாளுக்கு எல்.டி. 45 இலட்சம். தளச் செலவு 27 இலட்சம். ஒப்பந்த விலை 5 கோடி 55 இலட்சமாக இறங்க, கிரயம் 5 கோடி 77 இலட்சமாக ஏறும். 22 இலட்சம் நட்டம். இலாபத்தை முடிந்த சதவீதத்துக்குத்தான் காட்டலாம். நட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வேலை முழுவதற்கும் எதிர்பார்க்கிற நட்டத்தை, தெரியவந்த வருடத்திலேயே முழுவதுமாக ஏற்பாடு செய்ய வேண்டும். இதை எல்.கே.ஏ.எஸ். 37 என்ற கணக்கீட்டு நியமம் கேட்கிறது.

10 சதவீத உச்சத்தை ஒரு பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். எல்.டி.க்கு அது உச்சம்தான். ஆனால் பல ஒப்பந்தங்களில் அந்த எல்லையைத் தொட்டதும், ஒப்பந்தத்தையே முறிக்கிற உரிமை வேலை கொடுத்தவருக்கு வந்துவிடுகிறது. பிறகு, வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு ஈடாகக் கொடுத்த செயலாற்றுகை உத்தரவாதமும் போகும்.

இனி, மார்ச் 31இல் இந்தக் கணக்கைப் போட்டவருக்கு மட்டும் கிடைக்கிற ஒரு பயன். அவரிடம் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஒரு நாளை மீட்டால் 30,000உம் 15,000உம் சேர்ந்து 45,000 மிஞ்சும். இரண்டாவது மேசன் குழுவைப் பிடித்து, இரவு வேலையும் வைத்து, ஒரு நாளை மீட்க 35,000 போகிறதென்றால் அதைச் செய்யலாம். 50,000 போகிறதென்றால் பேசாமல் எல்.டி.யைக் கட்டுவது மலிவு; மாரிக்கு முன் கூரை மூடுவதற்கான நாட்கள் மட்டும் விதிவிலக்கு. 60 நாளுக்கு மேல் மீட்கிற நாட்களில் எல்.டி. மிச்சம் கிடையாது, வெறும் 15,000தான். அங்கே 35,000 செலவழிப்பது நட்டம்.

கட்டடம் பாவனைக்கு ஆயத்தமான அன்றைக்கே கையேற்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். எல்.டி. எண்ணுவது அந்தச் சான்றிதழில் குறிக்கப்படுகிற திகதியோடு நின்றுவிடும். கதவுக்குப் பூட்டு, ஒரு சுவரில் இரண்டாம் வர்ணம் போன்ற சில்லறை வேலைகளைக் குறைபாட்டுப் பட்டியலில் போட்டுப் பிறகு செய்து கொடுக்கலாம். அவற்றையும் முடித்துவிட்டு எழுதுவோம் என்று இரண்டு கிழமை இருந்தால், 14 நாளுக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா.

நன்றி, வணக்கம்.