மார்பளவுச் சிலையில் ஆளைக் காணோம்

(தருமபுரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கையில் வில், வாள், சில கற்களில் பக்கத்திலேயே மாடுகள். அடுத்த முறை போகும்போது முகத்தை மட்டும் பாருங்கள். ஒரு வீரன் முகத்துக்கும் இன்னொரு வீரன் முகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தச் சிற்பிக்கு வீரனின் மூக்கு எப்படி இருந்தது என்பது தேவைப்படவில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், யாருடைய மகன், எதற்காகச் சண்டையிட்டு விழுந்தான் என்று கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். ‘பெயரும் பீடும் எழுதி’ என்று அகநானூறு சொல்வது இதைத்தான். ஆளை அடையாளம் காட்டும் வேலை எழுத்தினுடையது. உருவத்தின் வேலை, இங்கே ஒரு வீரன் நிற்கிறான் என்று காட்டுவது மட்டும்தான்.

இன்று நாம் பள்ளிக்கூட வாசலிலும் நான்கு ரோட்டிலும் வைக்கும் மார்பளவுச் சிலை அப்படிப்பட்டது இல்லை. ‘அவர் முகம் இதுதான்’ என்று அது சொல்கிறது. ஆனால் பீடத்தில் இருக்கும் பெயர்ப்பலகையை ஒரு துண்டால் மூடிவிட்டு, அவரோடு பழகிய ஒருவரைக் கூட்டி வந்து ‘இது யார்?’ என்று கேட்டால் பல சிலைகள் தோற்றுவிடும். ஏன் தோற்கின்றன என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன். நான் களிமண்ணில் முகம் செய்கிறவன், அதனால் பட்டறைக்குள் நடப்பதிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு தலைமையாசிரியரின் சிலை. அவர் காலமான பிறகு பழைய மாணவர்கள் சேர்ந்து கேட்டார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஒரே ஒரு படம், ஸ்டூடியோவில் நேராக உட்கார வைத்து எடுத்தது. அதிலேயே பாதி முகம் போய்விட்டது. அந்தக் காலத்தில் நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கங்களைத் தேய்த்து ‘டச்சிங்’ செய்வது வழக்கம். நேராக அடித்த வெளிச்சத்தில் கன்னக்குழி தெரியாது. மூக்கு எவ்வளவு முன்னால் நீண்டிருந்தது, தாடை எவ்வளவு உள்ளே போயிருந்தது என்பதை நேர்ப்படம் சொல்லவே சொல்லாது. மார்பளவுச் சிலைக்கோ பக்கவாட்டுத் தோற்றம்தான் உயிர். தெரியாத அந்த இடங்களைச் சிற்பி எதை வைத்து நிரப்புவான்? அவன் கைக்குப் பழகிப்போன ஒரு முகம் இருக்கும், அதை வைத்துத்தான் நிரப்புவான்.

நம் ஊரில் பல சிற்பிகள் கோயில் சிற்பம் பயின்று வந்தவர்கள். அதில் நவதாளம் என்ற அளவுமுறையில் உருவத்தின் உயரத்தை 108 பாகமாக்கி ஒவ்வொன்றையும் ஓர் அங்குலம் என்பார்கள், முகம் 12. அந்த 12-ஐ மூன்று சம பாகமாக்கி நெற்றிக்கு 4, மூக்குக்கு 4, மூக்கடியிலிருந்து மோவாய் வரை 4 என்று பிரிப்பார்கள். தெய்வ உருவத்துக்கு அது அற்புதமான கணக்கு. ஆனால் உயிரோடு இருந்த மனிதர் எவருக்கும் நெற்றியும் மூக்கும் மோவாயும் அப்படிச் சமமாக அமைந்துவிடுவதில்லை. அந்த ஏற்றத்தாழ்வில்தான் அவர் இருக்கிறார். இருபது வருடம் அந்தக் கணக்கில் பழகிய கை, யோசிக்காமலே நெற்றியை ஏற்றி மோவாயைக் குறைத்துச் சமப்படுத்திவிடும்.

அப்புறம் கமிட்டி வரும். ‘கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கு, நிரப்புங்க’, ‘காது இப்படி விரிஞ்சிருக்க வேணாம்’, ‘அறுபது வயசு மாதிரி வேணாம், அம்பது போதும்’. இதைச் சொல்கிறவர்கள் அவர்மேல் உள்ள மரியாதையில்தான் சொல்கிறார்கள். நாம் கும்பிட்டு மாலை போடப்போகிற முகம் நோயாளி முகமாக இருக்கக்கூடாது என்ற எண்ணம் நியாயமானதும்கூட. அந்தத் தலைமையாசிரியருக்கு இடது கண்ணின் மேலிமை லேசாகத் தாழ்ந்திருந்ததாம். காது இரண்டும் விரிந்து நிற்குமாம். மேலுதடு மெலிந்து, வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருக்குமாம். இவை எதுவும் களிமண்ணில் இல்லை. மண் ஈரமாக இருக்கும்போதே அவர் மனைவியை அழைத்துக் காட்டினோம். சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘அவங்க தம்பி மாதிரி இருக்குது’ என்றார். அவ்வளவு துல்லியமான விமர்சனத்தை எந்தக் கலை விமர்சகரும் சொல்லியிருக்க முடியாது. குடும்பச் சாயல் வந்துவிட்டது, ஆள் வரவில்லை.

இதற்குக் காரணம் நம் கண் முகத்தைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1878-இல் பல குற்றவாளிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதிவு செய்து பார்த்தார். குற்றவாளியின் பொதுமுகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ தனித்தனிப் படங்களைவிட அழகான ஒரு முகம். ஒவ்வொருவருடைய கோணலும் அடுத்தவருடையதில் கரைந்து போயிருந்தது. அதாவது, நாம் ‘லட்சணம்’ என்று சொல்வதில் பெரும்பகுதி சராசரிக்கு நெருக்கம். ஒரு முகத்தைத் திருத்தத் திருத்த அது எல்லோருடைய முகத்தையும் நோக்கி நகர்கிறது.

ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க நம் கண் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஜில்லியன் ரோட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பார்ப்பவர்களுக்குப் பழக்கமான முகங்களைக் கோட்டோவியமாக வரைந்து மூன்று விதமாக்கினார்கள். ஒன்று உள்ளது உள்ளபடி. இன்னொன்றில், அந்த முகம் சராசரியிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ அதைக் கூட்டினார்கள், கேலிச்சித்திரம் போல. மூன்றாவதில் அந்த விலகலைக் குறைத்தார்கள். கூட்டிய படத்தைத்தான் ஆட்கள் சீக்கிரமாக அடையாளம் கண்டார்கள். குறைத்த படத்துக்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. கமிட்டி சொல்லி நாம் செய்கிற திருத்தம் எல்லாம் அந்த மூன்றாவது வகை.

சரி, அப்படியானால் காலிப்பர் வைத்து அளந்து, உள்ளது உள்ளபடி செய்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. இங்கேதான் பொருளின் குணம் குறுக்கே வருகிறது. நிஜ முகத்தில் புருவம் கருப்பு, கருவிழி கருப்பு, உதடு சிவப்பு, கண்ணடியில் நிழல். வெண்கலத்திலோ சிமெண்டிலோ ஃபைபரிலோ எல்லாம் ஒரே நிறம். 2003-இல் பவன் சின்ஹா என்ற ஆய்வாளரின் குழு பிரபலங்களின் படங்களில் ஒரு தடவை கண்களை அழித்தும், ஒரு தடவை புருவங்களை அழித்தும் காட்டியது. புருவம் இல்லாதபோதுதான் அடையாளம் காண்பது அதிகம் சிரமமாக இருந்தது. மார்பளவுச் சிலையிலோ புருவத்தின் நிறம் தொடக்கத்திலேயே காணாமல் போய்விடுகிறது. அளவு ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாவிட்டாலும் அந்த இழப்பு இருக்கத்தான் செய்யும்.

இதை 17-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகச் சொன்னவர் இத்தாலியச் சிற்பி பெர்னினி. 1665-இல் பிரான்ஸ் அரசன் 14-ஆம் லூயியின் மார்பளவுச் சிலைக்காகப் பாரிஸ் போனார். அவரோடு இருந்த ஷாந்தலூ என்பவர் அன்றாடம் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். ஒருவன் தன் தலைமுடி, தாடி, உதடு எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசிக்கொண்டு வந்தால் தினமும் பார்க்கிறவர்களுக்கே அவனை அடையாளம் தெரியாது, பளிங்குச் சிலை செய்கிறவனின் கஷ்டம் அதுதான் என்பது பெர்னினியின் வாதம். அதற்கு அவர் சொன்ன வழி, நிஜத்தில் இல்லாததைக் கல்லில் செய்வது. கண்ணைச் சுற்றிய கருமையைக் காட்ட அந்த இடத்தை நிஜத்தைவிட ஆழமாகக் குடைய வேண்டும். குடைந்தால் நிழல் விழும், நிழல் நிறத்தின் வேலையைச் செய்யும். அரசனை அசையாமல் உட்கார வைக்காமல், நடக்கும்போதும் பேசும்போதும் வரைந்து படித்துக்கொண்டார்.

அதே சிலையில் அவர் அரசனை உயர்த்தியும் காட்டினார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி நெற்றியைத் திறந்தார். உடனே அரண்மனைக்காரர்கள் தங்கள் முடியையும் அப்படி ஒதுக்கிக்கொண்டதாகப் பெர்னினியின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சிலை ஆளைப்போல ஆகாமல், ஆட்கள் சிலையைப்போல ஆனார்கள்.

ஆக, பெர்னினி செய்ததும் அளவிலிருந்து விலகல்தான், கமிட்டி கேட்பதும் விலகல்தான். ஒன்று சிலைக்குரியவரின் தனித்தன்மையை நோக்கிப் போகிறது, மற்றது சராசரியை நோக்கிப் போகிறது. தலைமையாசிரியர் சிலையில் நாங்கள் பிறகு செய்ததும் முதல் வகைதான். இடது இமையை நிஜத்தில் இருந்ததைவிடச் சற்று அதிகமாகவே தாழ்த்தினோம். புருவ எலும்பின் கீழ் விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக்கினோம், அங்கே நிழல் கட்டியது. வாயின் ஓரத்தை இறக்கினோம். காதைப் பழையபடி விரித்தோம். கன்னத்தைக் கமிட்டி கேட்டபடியே விட்டுவிட்டோம், வயதும் ஐம்பதுதான். அவர் மனைவி மறுபடி வந்து பார்த்தபோது யார் மாதிரி என்ற பேச்சே எழவில்லை. ‘கண்ணாடி போடாம அவங்க வெளிய வரமாட்டாங்களே’ என்று கேட்டார். மரியாதையும் சாயலும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை. எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

கண்ணாடி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். முகத்தைச் சராசரியாக்கிவிட்ட சிலைக்கு வெளியிலிருந்து ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14-இல் கிட்டத்தட்ட 76 வயதில் இறந்தார். ஆனால் அவர் சிலைகள் கடைசிவரை இளைஞனாகவே செய்யப்பட்டன. இன்று அறிஞர்கள் அவரை அடையாளம் காண்பது பெரும்பாலும் நெற்றிமேல் கவட்டையாகப் பிரியும் முடிக்கற்றையை வைத்துத்தான். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி, வழுக்கைத் தலை, தோளில் துண்டு. இந்த மூன்றும் இருந்தால் சிலையின் முகம் எப்படி இருந்தாலும் நாம் ராஜாஜி என்று சொல்லிவிடுவோம். அவருடைய ஒட்டிய கன்னமும் இறுகிய வாயும் சிலையில் வந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பிரபலமானவருக்கு இது ஓடிவிடும். கண்ணாடியும் துண்டும் நாடறிந்த அடையாளமாக ஆகியிராத ஒரு கிராமத்து ஆசிரியருக்கு முகத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

கடைசியாக, சிலை கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது. மாலை போட்டு மாட்டிய ஒரே படத்தைக் கொண்டுவராதீர்கள். கல்யாண வீட்டு ஆல்பத்தைக் கொண்டுவாருங்கள். அதில் அவர் யாரிடமோ பேசிக்கொண்டு பக்கவாட்டில் நிற்பார், அந்த ஓரப்படம் ஸ்டூடியோ படத்தைவிட எங்களுக்கு உதவும். களிமண் நிலையிலேயே அவர் வீட்டாரை அழைத்து வாருங்கள், அச்சு எடுத்தபின் திருத்துவது கஷ்டம். சிலை ஆறடிப் பீடத்தில் ஏறப்போகிறது என்றால் களிமண்ணையும் அந்த உயரத்தில் தூக்கி வைத்துக் கீழே நின்று பாருங்கள். கண்மட்டத்தில் சரியாக இருந்த முகம் அங்கே மோவாயும் மூக்குத் துவாரமுமாகத் தெரியும், நெற்றி பின்னால் ஓடிவிடும். ராத்திரிக்கு என்று பீடத்தடியில் ஃபோக்கஸ் லைட் வைக்காதீர்கள். கீழிருந்து வரும் வெளிச்சத்தில் தெரிந்தவர் முகத்தை அடையாளம் காண்பதே சிரமம், கண்ணுக்காகக் குடைந்த நிழல் எல்லாம் அதில் அழிந்துபோகும். விளக்கை ஒரு கம்பத்தில் ஏற்றி, மேலே ஒரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள்.