ஒரே வீதம்னா ஒரே பாரமா? மூணு வீட்டுக் கணக்கு

கேள்வி: "சார், நான் சேலம் அம்மாபேட்டையிலிருந்து கேக்குறேன். நான் வாங்குற சோப்புக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி, ஏற்காட்டுல காபி எஸ்டேட் வச்சிருக்கவர் வாங்குற சோப்புக்கும் அதே 5 சதவீதம். அப்புறம் எப்படி அது ஏழைக்குத்தான் பாரம்னு சொல்றீங்க?"

நல்ல இடத்துல கை வச்சிருக்கீங்க. பில்லுல இருக்கிற வீதத்தைப் பார்த்தா நீங்க சொல்றதுதான் சரி. ஆனா பாரத்தை அளக்குறவங்க பில்லைப் பார்க்கமாட்டாங்க. ஒரு மாசத்துல அந்த வீட்டுக்குள்ள எவ்வளவு வருமானம் வந்துச்சு, அதுல எத்தனை ரூபாய் வரியா போச்சுன்னு பார்ப்பாங்க. வருமானம் ஏற ஏற அந்தப் பங்கு ஏறுனா வளர்வீத வரி. வருமானம் ஏற ஏற பங்கு குறைஞ்சா தேய்வுவீத வரி. எல்லாருக்கும் பங்கு ஒண்ணாவே இருந்தா விகிதாச்சார வரி. ரூபாயா பார்த்தா பணக்காரர்தான் எப்பவும் அதிகம் கட்டுவார், அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

இப்ப போர்டுல மூணு வீடு எழுதுறேன். மூணும் நான் கணக்குக்காக வச்சுக்கிட்டது, எந்த சர்வேலயும் எடுத்ததில்ல. முதல் வீடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சம்பாத்தியமும் சேர்த்து மாசம் 15,000. வந்தது அத்தனையும் செலவாயிடும். ரெண்டாவது வீடு 50,000 சம்பளம், 38,000 செலவு. மூணாவது வீடு மாசம் 1,50,000 சம்பளம், 75,000 செலவு.

செலவை நாலு கூடையில போடுவோம். வரியே இல்லாதது முதல் கூடை: சில்லறையா வாங்குற அரிசி, காய்கறி, பால், குடியிருக்கிற வீட்டு வாடகை, பள்ளிக்கூடப் பீஸ் இதெல்லாம். அடுத்தது 5 சதவீதக் கூடை. 2025 செப்டம்பர் 22-லிருந்து சோப்பு, பேஸ்ட், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் 18-லிருந்து இதுக்குள்ள வந்துடுச்சு. அப்புறம் 18 சதவீதக் கூடை, மொபைல் ரீசார்ஜ் மாதிரி. கடைசியா பெட்ரோல், அது ஜிஎஸ்டிக்குள்ளயே வராது, அதுக்குத் தனி வரி.

கணக்குப் போடும்போது நிறைய பேர் வழுக்குற இடம் ஒண்ணு இருக்கு. 590 ரூபாய் கொடுத்து ரீசார்ஜ் பண்ணினா அதுல வரி எவ்வளவு? 590-ல 18 சதவீதம்னு போட்டா 106 ரூபாய் வரும், அது தப்பு. அந்த 590-க்குள்ளயே வரி உட்கார்ந்திருக்கு. 500 ரூபாய் சரக்கு, 90 ரூபாய் வரி. அதாவது கொடுத்த பணத்துல 118-க்கு 18. அதே மாதிரி 5 சதவீதப் பொருள்னா 105-க்கு 5. இதை மாத்திப் போட்டா வீட்டு வரி கூடுதலாத் தெரியும்.

பெட்ரோலுக்கு கணக்கு சுலபமா இருக்கட்டும்னு லிட்டர் 100 ரூபாய், அதுல மத்திய அரசு, மாநில அரசு ரெண்டு வரியும் சேர்ந்து 40 ரூபாய்னு வச்சுக்குவோம். இனி அட்டவணை.

| | வீடு 1 | வீடு 2 | வீடு 3 |
|---|---|---|---|
| மாத வருமானம் | 15,000 | 50,000 | 1,50,000 |
| மொத்தச் செலவு | 15,000 | 38,000 | 75,000 |
| வரியில்லாத செலவு | 10,460 | 24,060 | 42,400 |
| 5% பொருள் (அதுல வரி) | 3,150 (150) | 8,400 (400) | 16,800 (800) |
| 18% பொருள் (அதுல வரி) | 590 (90) | 3,540 (540) | 11,800 (1,800) |
| பெட்ரோல் (அதுல வரி) | 800 (320) | 2,000 (800) | 4,000 (1,600) |
| விலைக்குள்ள இருக்கிற வரி | 560 | 1,740 | 4,200 |
| வருமானத்துல பங்கு | 3.7% | 3.5% | 2.8% |
| செலவுல பங்கு | 3.7% | 4.6% | 5.6% |

அட்டவணையில கடைசி ரெண்டு வரிசையை மட்டும் பாருங்க. அதே வீடு, அதே வரி. வருமானத்தால வகுத்தா பங்கு இறங்கிக்கிட்டே போகுது, அப்ப இது தேய்வுவீதம். செலவால வகுத்தா ஏறிக்கிட்டே போகுது, இப்ப வளர்வீதம்! டிவி விவாதத்துல ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கத்துறாங்கல்ல, பாதி நேரம் அவங்க கீழ வச்சு வகுக்குற எண் வேறவேறயா இருக்கும். அதைச் சொல்லாமலே கத்துவாங்க.

ஏன் இப்படி மாறுது? மூணாவது வீடு சேமிக்குது. சேமிச்ச பணத்துக்கு இந்த மாசம் ஜிஎஸ்டி கிடையாது. முதல் வீட்டுக்குச் சேமிக்க ஒண்ணுமில்ல, வந்த ரூபாய் அத்தனையும் கடைக்குப் போகுது. சேமிப்பும் என்னைக்காவது ஒருநாள் செலவாகும்தானே, அப்ப வரி வரும்தானேன்னு செலவுக் கட்சிக்காரங்க கேப்பாங்க. அந்த வாதத்துல நியாயம் இருக்கு. ரிட்டயர் ஆனவர் சேமிப்பை எடுத்துச் சாப்பிடும்போது அவர் வருமானம் கம்மியாவும் வரி அதிகமாவும் தெரியும், அவரை ஏழைன்னு நினைச்சுடக்கூடாது. ஆனா இந்த மாசம் அரிசி வாங்க வழியில்லாத வீட்டோட கஷ்டத்தை அளக்கணும்னா நான் வருமானத்தாலதான் வகுப்பேன்.

இப்ப உங்க சோப்புக்கு வர்றேன். அட்டவணையில பெட்ரோலை எடுத்துட்டு ஜிஎஸ்டியை மட்டும் கூட்டுங்க. முதல் வீட்டுக்கு 240, ரெண்டாவதுக்கு 940, மூணாவதுக்கு 2,600. வருமானத்துல பங்கு 1.6, 1.9, 1.7 சதவீதம். ஏறக்குறைய ஒரே மட்டம். அதாவது இந்த மூணு வீட்டுல உங்க சோப்பு பெரிய குற்றவாளி இல்ல. முதல் வீட்டோட 560 ரூபாய் வரியில 320 ரூபாய் பெட்ரோல் மட்டுமே. பட்டறைக்குப் போக டிவிஎஸ் எக்ஸெல் வண்டிக்கு மாசம் 8 லிட்டர், அதுக்கு வருமானத்துல 2.1 சதவீதம் போகுது. மூணாவது வீடு காருக்கு 40 லிட்டர் போட்டும் 1.1 சதவீதம்தான். மத்திய கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய்னு வர்ற வரி. நம்ம மாநில வரியில சதவீதம் ஒரு பகுதி, லிட்டருக்கு இத்தனை ரூபாய்ங்கறது இன்னொரு பகுதி. பங்க்குல நிக்கிற ஆளோட சம்பளம் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. டாஸ்மாக்கை நான் அட்டவணையில சேர்க்கவே இல்ல, அதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே. சேர்த்தா முதல் வீட்டோட எண் எங்க போய் நிக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ஜிஎஸ்டி மட்டும் ஏன் மட்டமா நிக்குது? முதல் கூடைக்காகத்தான். அதுல முதல் வீடு 5,000 ரூபாய்க்கும் மூணாவது வீடு 10,000 ரூபாய்க்கும் சாப்பாட்டுச் சாமான் வாங்குதுன்னு வைங்க. நாளைக்கு அதுக்கும் 5 சதவீதம் போட்டா முதல் வீட்டுக்கு 250 ரூபாய் கூடும், பெட்ரோலும் சேர்ந்த மொத்தப் பங்கு 3.7-லிருந்து 5.4 சதவீதத்துக்கு எகிறும். மூணாவது வீட்டுக்கு 500 கூடியும் 3.1 சதவீதம்தான் வரும். 2022 ஜூலையில பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டுன அரிசிக்கு 5 சதவீதம் போட்டாங்க, 25 கிலோ வரைக்கும்தான். உடனே 26 கிலோ மூட்டை மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு! மொத்தமா மூட்டை தூக்குறவருக்கு வரி இல்ல. லீ பஜார்ல சில்லறையா அளந்து வாங்குறவருக்கும் இல்ல. அஞ்சு கிலோ பாக்கெட் வாங்குறவர் மாட்டிக்கிட்டார்.

அட்டவணையில ஒரு ஓட்டையும் இருக்கு, மறைக்கல. தக்காளிக்கு வரி இல்லன்னு எழுதிட்டேன். ஆனா தலைவாசல் மார்க்கெட்டுலிருந்து அதை ஏத்திட்டு வந்த வண்டி டீசல் போட்டுச்சு, அந்த டீசல்ல வரி இருக்கு, அது தக்காளி விலையில கலந்துதான் வருது. வரியில்லாததுன்னு நான் எழுதுன 10,460 ரூபாய்க்குள்ளயும் கொஞ்சம் வரி ஒளிஞ்சிருக்கு. அது முதல் வீட்டோட பங்கை இன்னும் ஏத்தும். அதே மாதிரி கடைக்காரர் வரி முழுசையும் வாங்குறவர் தலையில வைக்கிறார்னும் எடுத்துக்கிட்டேன். போட்டி அதிகமா இருக்கிற கடைவீதியில கொஞ்சம் அவரே தாங்கலாம்.

சரி, வருமான வரியையும் சேர்ப்போம். 2025-26 புதிய முறையில 12 லட்சம் வரைக்கும் வரிவிதிக்கத்தக்க வருமானம்னா தள்ளுபடி போக வரி பூஜ்யம். அதனால முதல் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுமில்ல. மூணாவது வீட்டுக்கு வருஷம் 18 லட்சம், நிலையான கழிவு 75,000 போக 17,25,000. முதல் 4 லட்சத்துக்கு இல்ல. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அடுத்ததுக்கு 10, அது 40,000. அடுத்ததுக்கு 15, அது 60,000. மிச்சம் 1,25,000-க்கு 20 சதவீதம், 25,000. மொத்தம் 1,45,000, அதுமேல 4 சதவீத செஸ், ஆக 1,50,800. மாசத்துக்கு 12,567. "நான் 20 சதவீத ஸ்லாப்ல இருக்கேன்"னு அவர் சொல்லுவார். அந்த 20 கடைசி 1,25,000-க்கு மட்டும். அவர் வருமானத்துல உண்மையில போறது 8.4 சதவீதம். பாரத்துக்கு இதைத்தான் எடுக்கணும்.

எல்லாத்தையும் கூட்டினா முதல் வீடு 3.7, ரெண்டாவது 3.5, மூணாவது 11.2 சதவீதம். மேல் பக்கம் நல்லா ஏறுது, அப்ப மொத்தத்துல வளர்வீதம்னு சொல்லிடலாமா? கீழ் பக்கம் பாருங்க. 15,000 வாங்குறவர் 50,000 வாங்குறவரைவிட ஒரு துளி அதிகம் சுமக்குறார். ஒரே வார்த்தையில வளர்வீதம்னு முத்திரை குத்தினா அந்தத் துளி காணாமப் போயிடும்.

நீங்க சொன்ன எஸ்டேட்காரர் விஷயம் தனி. என் மூணாவது வீடு சம்பளக்காரர். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. காபியை விளைவிச்சு, பதப்படுத்தி அப்படியே வித்தா லாபத்துல 25 சதவீதம்தான் வரிக்கான வருமானம். வறுத்து அரைச்சு வித்தா 40 சதவீதம். அதே 18 லட்சம் லாபம் வந்தாலும் அந்த 12,567-ல பெரும்பகுதி போயிடும். அவர் பங்கு 11.2-ல நிக்காது, சரிஞ்சு 2.8 பக்கத்துல வந்து நிக்கும், கொலுசுப் பட்டறைக்காரருக்கும் கீழ. அதனால சோப்பை விடுங்க. அவரோட ஒப்பிடணும்னா வருமானம் எந்த வகையில வருதுன்னு முதல்ல கேளுங்க.