நான்கு லாட்டா, மூன்றா? பீட்டாவை வைத்துச் சந்தை அபாயத்தைக் குறைக்கும் கணக்கு

[திரையில்: மாட்டுங்கா, ஒரு வீட்டின் வராந்தா. மேசையில் நோட்டுப் புத்தகமும் பேனாவும்]

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் என் மாமா ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், 65 லட்ச ரூபாய்க்குப் பங்குகள் வைத்திருக்கிறார். போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சந்தை இறங்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் உலோகப் பங்குகளை வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகிறது. இப்போது விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஒரு வருடம் தாண்டிவிட்டால் 12.5 சதவீதம்தான். மூன்று மாதம் மட்டும் அபாயத்தைக் குறைக்க வழி இருக்கிறதா?"

"இருக்கிறது மாமா. பங்குகளைத் தொடாமல், நிஃப்டி குறியீட்டின் மேல் போடும் வருங்கால ஒப்பந்தமான நிஃப்டி ஃபியூச்சர்ஸை விற்று வைக்கலாம். சந்தை இறங்கினால் அதில் லாபம் வரும்."

"அது தெரியும். அதில் குறைந்தபட்ச அளவான ஒரு லாட் 16.25 லட்சம். என்னிடம் இருப்பது 65 லட்சம். நான்கு லாட் விற்றால் முழுப் பாதுகாப்பு, சரிதானே?"

சரியில்லை. இந்த வீடியோ முழுவதும் அந்த ஒரு தவறைப் பற்றித்தான்.

[திரையில்: நான்கு வரிகள், ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன]

பீட்டா என்பது சந்தை ஒரு சதவீதம் அசைந்தால் ஒரு பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் அசைகிறது என்பதைச் சொல்லும் எண். மாமாவிடம் வங்கிப் பங்குகள் 25 லட்சத்துக்கு இருக்கின்றன, பீட்டா 1.2. உலோகப் பங்குகள் 20 லட்சம், பீட்டா 1.6. சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருள் நிறுவனங்கள் 10 லட்சம், பீட்டா 0.6. மென்பொருள் நிறுவனங்கள் 10 லட்சம், பீட்டா 1.

தொகுப்பின் பீட்டாவைக் காண ஒவ்வொரு பங்கின் எடையையும் அதன் பீட்டாவால் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். எனக்கு ரூபாயிலேயே பெருக்குவது பிடிக்கும். பின்னால் ஃபியூச்சர்ஸ் கணக்குக்கு வரும்போது அதுதான் கைகொடுக்கிறது. வங்கி 25 லட்சம், பெருக்கல் 1.2, ஆக 30 லட்சம். உலோகம் 32 லட்சம். அன்றாடப் பொருள் 6 லட்சம். மென்பொருள் 10 லட்சம். மொத்தம் 78 லட்சம்.

அந்த 78 லட்சத்தைப் பாருங்கள். மாமாவின் கையில் இருப்பது 65 லட்சம். ஆனால் சந்தை அசையும்போது அது 78 லட்ச ரூபாய்க்கு நிஃப்டியையே வாங்கி வைத்ததுபோல நடந்துகொள்கிறது. 78-ஐ 65-ஆல் வகுத்தால் 1.2. அதுதான் தொகுப்பின் பீட்டா.

இப்போது மாமாவின் நான்கு லாட்டுக்கு வருவோம். நிஃப்டி 25,000 என்றும் ஒரு லாட்டில் 65 அலகுகள் என்றும் வைத்துக்கொள்வோம். (லாட் அளவைச் சந்தை அவ்வப்போது மாற்றும், நீங்கள் கணக்குப் போடும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு லாட்டின் மதிப்பு 16.25 லட்சம். நான்கு லாட் விற்றால் ஈடாவது 65 லட்சம்தான். மறைக்க வேண்டியதோ 78 லட்சம். மீதி 13 லட்சம் திறந்தே கிடக்கிறது. பாதுகாப்பு முழுமை என்று நம்பிக்கொண்டு, 0.2 பீட்டாவோடு உட்கார்ந்திருப்பார்.

"எனக்கு முழுப் பாதுகாப்பு வேண்டாம், பாதியாவது குறைந்தால் போதும்" என்றார் மாமா. பீட்டா 0.5 என்று முடிவு செய்தோம். 65 லட்சத்தில் பாதி, 32.5 லட்சம், சந்தையில் இருக்கலாம். 78-இலிருந்து 32.5 போனால் குறைக்க வேண்டியது 45.5 லட்சம். அதை 16.25-ஆல் வகுத்தால் 2.8 லாட். முக்கால் லாட் என்று ஒன்று கிடையாது. இரண்டு விற்றால் பீட்டா 0.7-இல் நிற்கும், மூன்று விற்றால் 0.45-க்கு இறங்கும். மூன்று என்று தீர்மானித்தோம்.

அபாயத்தைக் கூட்ட நினைப்பவருக்கும் இதே கணக்குதான், திசை மட்டும் மாறும். ஒரு லாட் வாங்கினால் 78-உடன் 16.25 சேர்ந்து பீட்டா 1.45 ஆகிவிடும்.

[திரையில்: நிஃப்டி 25,000-இலிருந்து 23,000-க்கு இறங்குகிறது]

சோதித்துப் பார்ப்போம். சந்தை 8 சதவீதம் விழுகிறது. பங்குகள் 9.6 சதவீதம், அதாவது 6.24 லட்சம் இழக்கும் என்று எதிர்பார்க்கலாம். மூன்று லாட்டில் கிடைப்பது 2,000 பெருக்கல் 65 பெருக்கல் 3, ஆக 3.9 லட்சம். நிகர நஷ்டம் 2.34 லட்சம், 3.6 சதவீதம். 0.45-ஐ 8-ஆல் பெருக்கினாலும் அதேதான் வருகிறது.

சந்தை ஏறினால் என்ன ஆகும்? இந்த இடத்தில்தான் மாமாவிடம் அதிக நேரம் பேசினேன். 8 சதவீதம் ஏறினால் ஃபியூச்சர்ஸில் 3.9 லட்சம் நஷ்டம். பங்குகள் அதைவிட அதிகமாக ஏறியிருக்கும். ஆனால் அந்த லாபம் காகிதத்தில் இருக்கிறது, இந்த நஷ்டமோ அன்றன்றைக்கு ரொக்கமாகக் கணக்கிலிருந்து போகிறது. மார்ஜின், அதாவது தரகு நிறுவனம் கேட்கும் பிணைத் தொகை, அதில் ஒரு பகுதிக்குப் பங்குகளை அடகு வைக்கலாம்; தினசரி நஷ்டத்துக்குப் பணம்தான் வேண்டும். பணம் இல்லையென்றால் தரகு நிறுவனம் லாட்டை மூடிவிடும், அதுவும் ஏற்றத்தின் உச்சியில். ஆகவே மார்ஜின் போக, நான்கு லட்சமாவது வங்கியில் தனியாக இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள் என்றேன்.

அடுத்தது, பீட்டா எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இரண்டு வருட வாராந்திர ஏற்ற இறக்கச் சதவீதங்களை எடுத்து, பங்கினுடையதை B பத்தியிலும் நிஃப்டியினுடையதை A பத்தியிலும் போட்டு, இப்படி எழுதலாம்:

```
=SLOPE(B2:B105, A2:A105)
=RSQ(B2:B105, A2:A105)
```

முதல் வரியில் பங்குதான் முன்னால் வர வேண்டும். மாற்றி எழுதினாலும் ஒரு எண் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. 1.6 வர வேண்டிய உலோகப் பங்குக்கு 0.25 வந்தால் பத்திகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். விலையை அப்படியே போடாதீர்கள், ஏற்ற இறக்கச் சதவீதத்தைப் போடுங்கள்.

இரண்டாவது வரி, பங்கின் அசைவில் எவ்வளவு பங்கு சந்தையால் வந்தது என்று சொல்கிறது. உலோகத்துக்கு 0.4 என்று வந்தால், மீதி 0.6 அந்த நிறுவனத்தின் சொந்தக் கதை: தாது விலை, ஏற்றுமதி வரி, கடன். சந்தை 8 சதவீதம் விழும் அதே வாரத்தில் அந்த உலோகப் பங்குகள் 30 சதவீதம் விழுந்தால், நாம் எதிர்பார்த்த 2.56 லட்சத்துக்குப் பதிலாக 6 லட்சம் போகும். கூடுதல் 3.44 லட்சத்துக்கு நிஃப்டி ஃபியூச்சர்ஸ் ஒரு ரூபாய்கூடத் தராது.

[திரையில்: மூன்று மாதங்களுக்குப் பிறகு]

கடைசியாக ஒன்று. ஒரு வருடம் நிறைந்ததும் மாமா உலோகப் பங்குகளை விற்றுப் பணமாக்குவார். விலைகள் ஏறக்குறைய இன்றுபோலவே இருப்பதாகக் கொண்டால், 78-இலிருந்து 32 போய்விடும், மிஞ்சுவது 46 லட்சம். மூன்று லாட்டும் அப்படியே இருந்தால் எதிர்ப்பக்கம் 48.75 லட்சம். அதாவது சந்தை ஏறினால் அவருக்கு நஷ்டம் வரும் நிலை, அவர் ஒருநாளும் விரும்பாதது. 46-இலிருந்து 32.5-க்கு வர 13.5 லட்சம் குறைத்தால் போதும்; ஒரு லாட் அதற்குத் தாராளம்.

பங்குகளை விற்கும் அன்றே இரண்டு லாட்டைத் திரும்ப வாங்கி மூட வேண்டும் என்று அந்த நோட்டுப் புத்தகத்தில், உலோகம் என்ற வரிக்கு நேரே, சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.